பருவத் தேர்வு அறைக் கண்காணிப்பு: சுற்றறிக்கை தொடர்பாக ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தன்னாட்சிக் கல்லூரியில் பருவத் தேர்வு நெருங்கும்போது தேர்வுப் பிரிவிலிருந்து கண்காணிப்புச் சுற்றறிக்கை வரும். இரண்டே பக்கம்தான். என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும், ஏன் என்று இருக்காது. காரணம் தெரியாத விதியை முதல் நாள் எல்லோரும் கடைப்பிடிப்பார்கள், நான்காம் நாள் கைவிட்டுவிடுவார்கள். அதனால் சுற்றறிக்கையைப் படித்தபின் ஆசிரியர்கள் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே காரணத்தோடு பதில் தந்திருக்கிறோம். நேரக் கணக்கு முற்பகல் தேர்வுக்கு, அதாவது 10 மணி முதல் 1 மணி வரை.

தேர்வு 10 மணிக்குத்தானே? 9.30-க்கே வந்து என்ன செய்வது?

அரை மணி நேரம் போதாமல் போகிற நாள்கள்தான் அதிகம். 9.30-க்குத் தேர்வுப் பிரிவில் கையெழுத்துப் போட்டு விடைப் புத்தகக் கட்டு, வருகைத் தாள், இருக்கைப் பட்டியல் மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். விடைப் புத்தகங்களை அங்கேயே எண்ணிவிடுங்கள். 25 என்று கட்டின்மேல் எழுதியிருக்கும், உள்ளே 24 இருக்கும். அறைக்குப் போனபின் இது தெரிந்தால், குறைவாகத் தந்தார்களா, அறையில் காணாமல் போனதா என்று யாராலும் சொல்ல முடியாது.

9.40-க்கு அறைக்குள் போனதும் முதல் வேலை மேசைகளைப் பார்ப்பது. மேசைப் பலகையில் பென்சிலால் எழுதிய சூத்திரமோ பெயர்ப் பட்டியலோ அநேகமாக எல்லா அறையிலும் இருக்கும். பெரும்பாலும் பழைய எழுத்துதான். ஆனால் 11 மணிக்கு அதைப் பார்த்தால், இன்று அங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்தான் எழுதினார் என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இருக்காது, அவர் எழுதவில்லை என்று சொல்லவும் வழி இருக்காது. 9.40-க்கே அழித்துவிடுங்கள். அழியாவிட்டால் மேசையை மாற்றுங்கள். அதுவும் முடியாவிட்டால் எந்த இருக்கை, என்ன எழுத்து என்று இருக்கைப் பட்டியலின் பின்பக்கத்தில் ஒரு வரி குறித்து வையுங்கள். கரும்பலகையில் பழைய பாடம் இருந்தால் அதையும் துடைத்துவிட வேண்டும். 9.45-க்கு மாணவர்களை உள்ளே விடலாம்.

துறை மாற்றித் துறை உட்கார வைத்தால் போதாதா? இந்த வரிசைக் கணக்கெல்லாம் எதற்கு?

கலக்க வேண்டியது துறையை அல்ல, வினாத்தாளை. இரண்டு துறைக்கும் ஒரே வினாத்தாள் என்றால் துறையைக் கலந்து பயனில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. மூன்றாம் பருவத்தில் வணிகவியல் மாணவர் 60 பேர், இயற்பியல் மாணவர் 40 பேர், மொத்தம் 100 பேர். அறைக்கு 25 இருக்கை, ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து பேர். நான்கு அறை போதும். ஒவ்வொரு அறையிலும் 1, 3, 5-ஆம் வரிசைகளில் வணிகவியல், 2, 4-ஆம் வரிசைகளில் இயற்பியல் என்று போட்டால் அறைக்கு 15 பேரும் 10 பேருமாகச் சரியாக முடிந்துவிடும். எண்ணிக்கை இப்படிப் பொருந்தாத நாளில், ஓர் அறையில் 15-க்கு 10 என்றும் அடுத்த அறையில் அதைத் திருப்பியும் போட்டுச் சரிக்கட்டுவார்கள்.

ஒரே வரிசையில் முன்னும் பின்னும் ஒரே பாடம்தானே, சதுரங்கக் கட்டம்போல மாற்றி மாற்றிப் போட்டால் நல்லதல்லவா என்று சிலர் கேட்பார்கள். தாளில் பார்க்கும்போது அது நன்றாகத்தான் தெரியும். அறையின் கடைசி இருக்கையில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். நேர் எதிரே இருப்பவரின் முதுகு அவருடைய தாளை மறைக்கும். கண்ணில் படுவது பக்கத்து வரிசையில் ஓர் இருக்கை முன்னால், மூலைவாட்டில் இருப்பவரின் தாள். சதுரங்க முறையில் அந்த மூலைவாட்டு இருக்கையில்தான் அதே வினாத்தாள் வந்து உட்காரும். இரண்டே வினாத்தாள் இருக்கும்போது வரிசைக்கு ஒரு பாடம் என்பதே மேல். முன்னவர் தாளை உயர்த்திக் காட்டினால்தான் பின்னவருக்குத் தெரியும், அப்படி உயர்த்தினால் உங்களுக்கும் தெரியும்.

சுற்றிலும் எட்டுப் பக்கமும் வேறு வினாத்தாள் வர வேண்டுமானால் நான்கு வினாத்தாள் வேண்டும், மூன்று இருந்தாலும் முடியாது. முதல் வரிசையில் அ, இ என்று முன்னிருந்து பின்னாக மாற்றி மாற்றிப் போட்டு, இரண்டாம் வரிசையில் உ, எ என்று அதேபோலப் போட்டு, அடுத்த வரிசைகளில் இதையே திரும்பச் செய்தால் ஒருவருக்கும் அதே வினாத்தாள் பக்கத்தில் வராது. சிறிய துறைகள் பல இருக்கிற பிற்பகல் தேர்வுகளில் இப்படிப் போட முடிகிறது.

பகுதி-1 தமிழ் அன்று எல்லாத் துறைக்கும் ஒரே தாள். அன்றைக்கு எப்படி?

வருடம் மாற்றித்தான். முதலாமாண்டு மாணவருக்கும் இரண்டாமாண்டு மாணவருக்கும் தமிழ்த் தேர்வை ஒரே வேளையில் வைத்து, வரிசைக்கு ஓர் ஆண்டாக உட்கார வைக்கிறோம். பாடம் தமிழே ஆனாலும் தாள் வேறு. இப்படி வைக்க முடியாத நாளில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை காலியாக இருக்கும். அதனால் அறை ஏறத்தாழ இரு மடங்கு தேவைப்படும், கண்காணிப்பாளரும் அப்படியே. பட்டியலில் உங்களுக்கு அன்று எதிர்பாராமல் பணி விழுந்திருந்தால் காரணம் இதுதான்.

ஆள் வராத இடம் காலியாகக் கிடக்கிறது. பின்னால் இருப்பவரை முன்னால் அழைத்து நிரப்பலாமா?

வேண்டாம். காலி இடம் காலியாகவே இருக்கட்டும். கட்டு கட்டும்போது இருக்கைப் பட்டியலும் விடைப் புத்தக வரிசையும் ஒத்துப்போக வேண்டும். பின்னால் ஒரு முறைகேடு பற்றி விசாரணை வந்தால், யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார் என்பதற்கு அந்தப் பட்டியல் ஒன்றுதான் சாட்சி.

மேசை ஆடுகிறது, மின்விசிறி இல்லை, வெயில் கண்ணில் அடிக்கிறது என்று உண்மையான காரணம் சொல்லி ஒருவர் கேட்டால் மாற்றலாம். அவர் தேர்ந்தெடுக்கிற இடத்துக்கு அல்ல, நீங்கள் காட்டுகிற இடத்துக்கு. பழைய இருக்கை, புதிய இருக்கை, நேரம் மூன்றையும் பட்டியலில் எழுதிச் சிறு கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

வினாத்தாள் கொடுப்பதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது?

அரியர் மாணவர்களிடம்தான் வரும். பாடத்தின் பெயர் ஒன்றாக இருக்கும், பாடத்திட்டம் மாறியிருக்கும், அதனால் பாடக் குறியீடும் வேறாக இருக்கும். பழைய பாடத்திட்டத்தில் அரியர் வைத்திருக்கும் ஒருவர் புதிய தாளை வாங்கிக்கொண்டு, முதல் மூன்று கேள்வி தெரிந்ததாக இருப்பதால் எழுதத் தொடங்கிவிடுவார். 11 மணிக்கு நான்காம் அலகுக் கேள்விக்கு வந்தபின்தான் எழுந்து நிற்பார். அதற்குள் ஒரு மணி நேரம் போயிருக்கும்.

அதனால் 10 மணிக்கு வினாத்தாள் கொடுத்ததும் எழுத விடாமல், ஹால் டிக்கெட்டில் உள்ள குறியீட்டையும் வினாத்தாளின் மேல் வலப்பக்கக் குறியீட்டையும் ஒப்பிடச் சொல்லி ஒரு நிமிடம் கொடுங்கள். பெயரைப் பார்க்கச் சொல்லாதீர்கள், எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். அரியர் மாணவர் பெயர்கள் வருகைத் தாளின் கடைசியில் தனியாக இருக்கும், அவர்களிடம் மட்டும் நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். கட்டில் அந்தக் குறியீட்டுத் தாளே இல்லையென்றால், இருப்பதை வைத்து எழுதச் சொல்ல வேண்டாம். முதன்மைக் கண்காணிப்பாளருக்கு ஆளனுப்புங்கள்.

விடைப் புத்தகத்தில் எல்லாவற்றிலும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டால் வேலை சுலபம்தானே?

சுலபம்தான். ஆனால் நீங்கள் செய்யக்கூடிய தவறுகளில் இதைவிடப் பெரியது இல்லை. உங்கள் கையெழுத்தின் பொருள், இந்தப் பதிவெண்ணுக்குரியவர் இவர்தான், ஹால் டிக்கெட் படத்தோடு முகம் ஒத்துப்போகிறது, எண்ணைச் சரியாக எழுதியிருக்கிறார் என்பது. கையெழுத்தோடு வெற்றுப் புத்தகம் ஒன்று மிஞ்சினால், அது தேர்வுக்குப் பிறகு வெளியே எழுதி உள்ளே வைக்கத் தயாரான புத்தகம்.

10.10-க்கு மேல் ஒவ்வொருவரிடமும் போங்கள். ஹால் டிக்கெட்டைத் திறந்து வைக்கச் சொல்லிப் படத்தையும் முகத்தையும் பாருங்கள். பதிவெண்ணை ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். கடைசி மூன்று இலக்கத்தை மாணவரையே வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் பிழை உடனே பிடிபடும். வருகைத் தாளில் அவர் எழுதும் விடைப் புத்தக வரிசை எண்ணையும் பாருங்கள். அதன்பின் கையெழுத்து. 25 பேருக்கு இருபது நிமிடம் பிடிக்கும்.

கால்குலேட்டர் இருந்தால் அதையும் அப்போதே பார்த்துவிடலாம். fx-82MS, fx-991MS போன்ற சாதாரண வகைக்குத் தடையில்லை. ஆனால் அதன் வழுக்கு மூடியைக் கழற்றி உட்பக்கம் பாருங்கள், பென்சில் எழுத்து அங்கேதான் இருக்கும். மடக்கை அட்டவணை, புள்ளியியல் அட்டவணை போன்றவற்றைத் தேர்வுப் பிரிவே தரும், சொந்தப் பிரதிக்கு அனுமதி இல்லை.

வராதவர்களுக்குச் சிவப்பு மையில் குறியிடுவதை 10.30-க்குப் பிறகு செய்யுங்கள். 10.05-க்கே போட்டுவிட்டால், 10.20-க்கு ஓடி வருகிறவருக்காக அதை அடித்துத் திருத்த வேண்டியிருக்கும். திருத்திய வருகைத் தாளைப் பார்த்தால் பிறகு எல்லோருக்கும் சந்தேகம்.

தாமதமாக வருபவரை எதுவரை விடலாம்? சீக்கிரம் முடித்தவர் எப்போது போகலாம்?

10.30 வரை விடலாம், அதற்கு மேல் முதன்மைக் கண்காணிப்பாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் விடக் கூடாது. 10.45-க்கு முன் யாரும் வெளியே போகக் கூடாது. இந்த இரண்டு நேரத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒருவர் வெளியே போனபின் இன்னொருவர் உள்ளே வரலாம் என்றால், வினாத்தாளைப் பார்த்தவர் வாசலில் நிற்பவரிடம் சொல்லிவிட முடியும். அதனால்தான் நடுவில் 15 நிமிடம் விட்டிருக்கிறது. தாமதமாக வந்தவருக்குக் கூடுதல் நேரம் கிடையாது, வந்த நேரத்தை வருகைத் தாளில் எழுத வேண்டும். கடைசி பத்து நிமிடத்திலும் யாரையும் அனுப்ப வேண்டாம், புத்தகம் வாங்கும் நேரத்தில் அறையில் நடமாட்டம் இருந்தால் எண்ணிக்கை தவறும்.

கேள்வியில் அச்சுப்பிழை என்று மாணவர் சொல்கிறார். எனக்கே தெரிகிறது. சொல்லிக் கொடுக்கலாமா?

கூடாது. உங்கள் அறையில் 15 பேர் திருத்தத்தோடு எழுதுவார்கள், மற்ற மூன்று அறையில் 45 பேர் பிழையோடு எழுதுவார்கள். கேள்வி எண்ணையும் பிழையையும் ஒரு தாளில் எழுதி முதன்மைக் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். திருத்தம் வந்தால் எல்லா அறைக்கும் ஒரே சொற்களில் வரும், அதை அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள். அந்தப் பாடத்தை நடத்துகிற ஆசிரியருக்கு அன்று கண்காணிப்புப் பணி போடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்று மணி நேரமும் நின்றுகொண்டே இருக்க வேண்டுமா? போன் வைத்துக்கொள்ளலாமா?

உட்காரலாம். ஆனால் ஒரே இடத்தில் வேண்டாம். அறையின் பின்பக்கம் நின்றால் நீங்கள் எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்று மாணவருக்குத் தெரியாது, அதுவே பாதி வேலையைச் செய்துவிடும். விடைத்தாள் திருத்துவது, செய்தித்தாள் படிப்பது இரண்டும் கூடாது. போனைத் தேர்வுப் பிரிவில் ஒப்படைத்துவிட்டு வாருங்கள், ஸ்மார்ட் வாட்சையும் சேர்த்து. அறையில் நடந்த எதையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது மாணவர் செய்த தவறைவிட உங்களுக்குப் பெரிய சிக்கலைக் கொண்டுவரும்.

பிட்டு வைத்திருப்பதைப் பார்த்துவிட்டேன். அடுத்த நிமிடம் என்ன செய்ய வேண்டும்?

சத்தம் போடாமல் பக்கத்தில் போங்கள். ஒரே அசைவில் இரண்டை எடுக்க வேண்டும். பிட்டையும் விடைப் புத்தகத்தையும். பிட்டை மட்டும் எடுத்தால் அவர் எழுதியதை அடித்துவிடுவார். புத்தகத்தை மட்டும் எடுத்தால் பிட்டு வாய்க்குள்ளோ ஜன்னலுக்கு வெளியிலோ போய்விடும். கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவரை அந்த இருக்கையிலேயே உட்கார வையுங்கள். வெளியே அனுப்பவும் வேண்டாம், முன்னால் கூட்டிவந்து நிறுத்தவும் வேண்டாம். மற்ற 24 பேருக்கும் தேர்வு நடந்துகொண்டிருக்கிறது.

நீங்கள் அறையை விட்டுப் போகக் கூடாது. வராந்தாவில் இருக்கும் அலுவலக உதவியாளர் மூலமோ மாற்றுக் கண்காணிப்பாளர் மூலமோ முதன்மைக் கண்காணிப்பாளரை வரவழையுங்கள். அவர் வருவதற்குள் விடைப் புத்தகத்தில் கடைசியாக எழுதிய வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டு, நேரத்தை எழுதிக் கையெழுத்திடுங்கள். எதுவரை எழுதியபோது பிடிபட்டார் என்பதை அந்தக் கோடுதான் சொல்லும்.

அவர் வந்தபின் நடப்பது இது. பிட்டின் மேல் நீங்களும் முதன்மைக் கண்காணிப்பாளரும் தேதி, நேரம், பதிவெண் எழுதிக் கையெழுத்திடுவீர்கள். மாணவரையும் கையெழுத்திடச் சொல்வோம். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், ‘கையெழுத்திட மறுத்தார்’ என்று எழுதி இன்னொரு ஆசிரியரின் சாட்சிக் கையெழுத்தை வாங்கினால் போதும். பிட்டைத் தனி உறையில் போட்டு ஒட்ட வேண்டும். விடைப் புத்தகத்தோடு ஸ்டேப்ளர் போட வேண்டாம், இரண்டு பக்கமும் எழுத்து இருந்தால் ஓட்டை விழுந்த இடத்தில் சொல் போய்விடும்.

மாணவர் தன் விளக்கத்தைத் தன் கையால், தன் சொற்களில் எழுத வேண்டும். நீங்கள் வாக்கியம் சொல்லி எழுத வைக்காதீர்கள். ‘இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன், மன்னிக்கவும்’ என்ற ஒரே வாக்கியம் ஐந்து வெவ்வேறு மாணவர்களிடமிருந்து ஒரே எழுத்துப்பிழையோடு வந்தால், அதை யார் சொல்லி எழுதினார்கள் என்று விசாரணைக் குழுவுக்குப் புரிந்துவிடும். அதன்பின் உண்மையான ஒப்புதலுக்கும் மதிப்பிருக்காது.

இதெல்லாம் முடிந்ததும் எங்கள் விதிப்படி அவருக்குப் புதிய விடைப் புத்தகம் கொடுத்து மீதி நேரம் எழுத விடுகிறோம். பிடித்துவிட்டு ஏன் எழுத விடுகிறீர்கள் என்று கோபப்படுகிற ஆசிரியர்கள் உண்டு. குற்றமா இல்லையா என்பதைக் குழுதான் முடிவு செய்யும். குழு அவரைக் குற்றமற்றவர் என்று சொன்னால் போன தேர்வைத் திருப்பித்தர யாராலும் முடியாது. எழுத விட்டிருந்தால் இரண்டு முடிவுக்கும் வழி இருக்கிறது. இரண்டு புத்தகத்தையும் பொதுக் கட்டில் சேர்க்காமல் தனிக் கட்டாகக் கொடுக்க வேண்டும்.

அறிக்கையில் ‘மாணவர் காப்பி அடித்தார்’ என்று எழுதினால் போதாதா?

அது உங்கள் முடிவு. குழுவுக்கு வேண்டியது உங்கள் கண் பார்த்தது. இப்படி எழுதிப் பாருங்கள்:

‘முற்பகல் 11.20 மணி. அறை 3, இரண்டாம் வரிசை, நான்காம் இருக்கை. மாணவர் விடைப் புத்தகத்தின் 9-ஆம் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். இடது உள்ளங்கையின் கீழ் மடித்த வெள்ளைத் தாள் தெரிந்தது. எடுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ 7 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம். இரு பக்கமும் நீல மையில் எழுத்து, மொத்தம் 14 வரி. 9-ஆம் பக்கத்தின் 3 முதல் 8 வரை உள்ள வரிகள் தாளின் முதல் பக்கத்து வரிகளோடு ஒத்திருக்கின்றன. தாள் தன்னுடையது அல்ல, மேசைக்குள் கிடந்தது என்று மாணவர் சொன்னார்.’

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். அவருக்குச் சாதகமானதும் அறிக்கையில் இருக்க வேண்டும். 9.40-க்கு மேசைகளைப் பார்த்தீர்களா என்ற கேள்வி அதனால்தான் பிறகு வரும். பார்த்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

இவ்வளவு விவரம் கேட்பதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் மூன்று மாணவர்களின் தேர்வு முடிவை, அவர்களை விசாரிக்காமலே தேர்வு வாரியக் குழு ரத்து செய்தது. 1962-இல் உச்ச நீதிமன்றம், தண்டனை தருமுன் அவர்களுக்குத் தங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1970-இல் பீகார் பள்ளித் தேர்வு வாரிய வழக்கில், ஒரு மையம் முழுவதும் காப்பி நடந்து அந்த மையத்தின் தேர்வையே ரத்து செய்யும்போது ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்கத் தேவையில்லை என்றது. நம் அறையில் நடப்பது பெரும்பாலும் முதல் வகை, ஒரு தனி மாணவர்மேல் குற்றச்சாட்டு. அவர் பதில் சொல்ல வேண்டுமானால் எதற்குப் பதில் சொல்கிறோம் என்பது அறிக்கையில் தெளிவாக இருக்க வேண்டும்.

கையில், துப்பட்டாவில், ஸ்கேலில் எழுதியிருந்தால் எதை எடுத்து உறையில் போடுவது?

ஸ்கேலை எடுத்துக்கொள்ளலாம். உடலில் இருப்பதை எடுக்க முடியாது, வியர்வையில் பத்து நிமிடத்தில் அழியவும் செய்யும். அதனால் வேகம் முக்கியம். இரண்டாவது ஆசிரியர் ஒருவரை உடனே வரவழைத்து, தெரிகிற எழுத்தை ஒரு தாளில் அப்படியே படி எடுங்கள். பிழையையும் திருத்தாமல் எடுங்கள். இருவரும் கையெழுத்திடுங்கள். படம் எடுக்க வேண்டுமானால் தேர்வுப் பிரிவுக் கேமராவில், முதன்மைக் கண்காணிப்பாளர் முன்னிலையில் எடுக்கலாம்.

உடல் சோதனை செய்ய உங்களுக்கு அதிகாரம் இல்லை. பாக்கெட்டில் இருப்பதை மாணவரே எடுத்து வைக்கச் சொல்லலாம், அவ்வளவுதான். மாணவியர் விஷயத்தில் எதற்கும் ஆசிரியை ஒருவர் இருக்க வேண்டும். ஆசிரியை வரும்வரை காத்திருப்பதால் ஆதாரம் போய்விடுமே என்றால், போகட்டும்.

சும்மா திரும்பிப் பார்க்கிறார், முணுமுணுக்கிறார். இதற்கும் அறிக்கையா?

இதற்கு அறிக்கை வேண்டாம். முதல்முறை பக்கத்தில் போய் நின்றாலே போதும். இரண்டாம் முறை இடத்தை மாற்றுங்கள், மாற்றியதைப் பட்டியலில் குறியுங்கள். மூன்றாம் முறையும் தொடர்ந்தால் முதன்மைக் கண்காணிப்பாளரிடம் சொல்லுங்கள். ஆனால் பிட்டோ போனோ கிடைத்தபின் ‘இந்த ஒருமுறை எச்சரித்து விட்டுவிடுகிறேன்’ என்பதற்கு இடமில்லை. பக்கத்து அறையில் அதே தவறுக்கு ஒருவர் குழு முன்னால் நிற்பார், உங்கள் அறை மாணவர் நிற்க மாட்டார். பறக்கும் படை வந்து, நீங்கள் விட்டுவிட்ட மாணவரிடமே இரண்டாவது பிட்டை எடுத்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

போனைப் பொறுத்தவரை, அணைத்துப் பைக்குள் வைத்திருந்தாலும் அறைக்குள் இருந்தால் விதிமீறல்தான். அதைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டாம். அணைத்தபடியே உறையில் போடுங்கள்.

புதிதாக வந்த சட்டப்படி காப்பி அடித்த மாணவரைப் போலீஸில் கொடுக்கலாம் என்கிறார்களே?

2024-இல் நடைமுறைக்கு வந்த மத்தியப் பொதுத் தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டத்தைச் சொல்கிறார்கள். அது மத்திய தேர்வாணையம், பணியாளர் தேர்வாணையம், ரயில்வே, வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம், தேசியத் தேர்வு முகமை முதலானவை நடத்தும் தேர்வுகளுக்கானது. வினாத்தாளைக் கசியவிடுபவர்கள், விடைத்தாளில் மோசடியாக மாற்றம் செய்பவர்கள், அதற்குத் துணைபோகிறவர்களைக் குறிவைக்கிறது. கல்லூரிப் பருவத் தேர்வு அதில் வராது. பிட்டு வைத்திருந்த மாணவரைக் கல்லூரித் தேர்வு விதிகளின்படிதான் விசாரிக்க வேண்டும். ஆள்மாறாட்டம் வேறு விஷயம். படமும் முகமும் ஒத்துப்போகாவிட்டால் எழுத விடாமல் முதன்மைக் கண்காணிப்பாளரை அழையுங்கள், காவல்துறைக்குப் போவதா என்பதைக் கல்லூரி முதல்வர் முடிவு செய்வார்.

சொல்வதை எழுதுபவரோடு ஒரு மாணவர் வருகிறார். என் அறையிலேயே உட்காரலாமா?

தனி அறைதான். அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர்களுக்குக் கேட்கும். மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் வழிகாட்டுதல்படி மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம், அதாவது 2 மணி வரை. பிற்பகல் பணியும் உங்களுக்கே விழுந்திருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எழுதுபவரை மாணவரே அழைத்து வந்திருந்தால் அவர் படிப்புத் தகுதி மாணவரைவிடக் குறைவாக இருக்க வேண்டும். எழுதுபவரின் அடையாள அட்டையைப் பார்க்க மறக்க வேண்டாம், பலர் மாணவரின் ஹால் டிக்கெட்டோடு நிறுத்திவிடுகிறார்கள்.

1 மணிக்கு மணி அடித்துவிட்டது. வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாமா?

மணி அடித்ததும் பேனாவைக் கீழே வைக்கச் சொல்லி, எல்லோரையும் இருக்கையிலேயே வைத்து நீங்களே போய் வாங்குங்கள். மேசையில் வந்து வைத்துவிட்டுப் போகச் சொன்னால் ஒரு புத்தகம் பைக்குள் போய்விடும். எண்ணி முடித்தபின்தான் கதவு.

எண்ணிக்கை எப்படி ஒத்துப்போக வேண்டும் என்பதற்கு அறை 3-ஐயே பாருங்கள். வாங்கியது 25 விடைப் புத்தகம். வந்தவர்கள் 23, வராதவர்கள் 2. பிடிபட்ட மாணவருக்கு இரண்டாவது புத்தகம் கொடுத்ததால் எழுதிய புத்தகம் 24. மீதி வெற்றுப் புத்தகம் 1. மொத்தம் 25, சரி. ஒருவர் பதிவெண்ணைத் தவறாக எழுதி வேறு புத்தகம் வாங்கியிருந்தால், அந்தப் பழைய புத்தகத்தைக் கிழிக்காமல் குறுக்கே ‘ரத்து’ என்று எழுதித் திருப்பித் தர வேண்டும். அறை 3-இல் அப்படியும் நடந்திருந்தால் வெற்றுப் புத்தகம் மிஞ்சியிருக்காது.

எழுதிய 24-இல் பொதுக் கட்டில் போவது 22, தனிக் கட்டில் 2. கட்டின் மேலுறையில் 22 என்று எழுதுங்கள், பக்கத்தில் ‘முறைகேடு 1, தனியாக’ என்றும் எழுதுங்கள். இதை விட்டுவிட்டால், வருகைத் தாளில் 23, கட்டில் 22 என்று பார்க்கிற திருத்தும் மையம் ஒரு விடைத்தாள் காணவில்லை என்று மாலையில் உங்களுக்குப் போன் செய்யும். வினாத்தாளில் வணிகவியல் ஒன்று, இயற்பியல் ஒன்று என வராத இருவருடையதும் திரும்ப வந்திருக்க வேண்டும். கடைசியாக, தேர்வுப் பிரிவில் வாங்குபவர் உங்கள் கண்முன்னால் எண்ணிக் கையெழுத்துப் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.